எலும்புக்குள் நுழையாத இரும்பணு

ஓர் அணுவின் பயணத்தைக் கதையாக்குவது புதிதல்ல. பிரிமோ லெவியின் ‘தனிம அட்டவணை’ (1975) ஒரு கார்பன் அணுவின் கதையோடுதான் முடிகிறது. அந்த அணுவை நகர்த்துபவை தற்செயலும் வேதியியலும். அண்மையில் நான் படித்த, இன்னும் அச்சேறாத சிறுவர் கதை ஒன்றையும் அதே அளவுகோலால்தான் அளக்கிறேன். முருங்கைக்கீரையிலிருந்து ஒரு சிறுமியின் சிவப்பணு வரை ஓர் இரும்பணு போகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் கதையில் காரணம் இருக்கிறதா?

குடல் பகுதியில் இருக்கிறது, அதுவும் அழகாக. பொரியலில் பிழிந்த எலுமிச்சைச் சாற்றால் அணு ஓர் எலக்ட்ரான் பெறுகிறது. அப்போதுதான் முன்சிறுகுடல் செல்லின் வாசல் அதற்குத் திறக்கிறது. உள்ளே போனபின் காத்திருப்பு. மறுபக்கக் கதவான ஃபெரோபோர்ட்டினை, உடலில் இருப்பு போதுமென்றால், கல்லீரல் அனுப்பும் ஹெப்சிடின் மூடிவிடும். செல்லோ சில நாட்களில் உதிர்ந்துவிடும். கதவு திறக்குமா, செல் உதிருமா என்ற பதற்றத்தை ஆசிரியர் புனையவில்லை. உடலிலேயே அது இருக்கிறது. அதைக் கண்டெடுத்தது உண்மையான சாதனை.

இரத்தத்துக்கு வந்ததும் பிடி தளர்கிறது. அணு தனியே நீந்திச் சென்று, எதிரே வரும் சிவப்பணுவில் ஏறிக்கொள்கிறதாம். இரத்தத்தில் இரும்பு அப்படித் தனியே திரிவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைச் சுமந்து செல்கிறது. வளர்ந்து முடிந்த சிவப்பணு புதிதாக இரும்பை ஏற்பதும் இல்லை. அணு போக வேண்டிய இடம் எலும்பு மஜ்ஜை. அங்கே உருவாகிக்கொண்டிருக்கும் செல் டிரான்ஸ்ஃபெரினை ஒரு சிறு பைக்குள் இழுத்து, அமிலத்தால் இரும்பை விடுவிக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் அது ஹீம் வளையத்தின் நடுவில் அமர்கிறது. பின்பு செல் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு இரத்தத்தில் இறங்குகிறது. இதைவிடச் சிறந்த காட்சி குழந்தைக்கு வேறென்ன கிடைக்கும்? கதையில் மஜ்ஜை என்ற சொல்லே இல்லை. சுருக்கத்துக்காக விட்டதாகச் சொல்ல முடியாது. நுரையீரல் வர்ணனைக்கு மூன்று பக்கம் போயிருக்கிறது.

அடுத்த பிழை இன்னும் கடுமையானது. ஆக்சிஜன் சேர்ந்ததும் அணு துருப்பிடிக்கிறது, அதனால்தான் இரத்தம் சிவப்பு என்கிறது கதை. சிவப்பு ஹீமின் நிறம். துருப்பிடிக்காமல் ஆக்சிஜனைப் பற்றி, மீண்டும் விட்டுவிடுவதில்தான் ஹீமோகுளோபினின் திறமை இருக்கிறது. அந்த இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்துவிட்டால் ஆக்சிஜனைச் சுமக்கவே முடியாது. எலுமிச்சைக் காட்சியில் ஓர் எலக்ட்ரானின் மதிப்பை அத்தனை நுட்பமாகச் சொன்ன ஆசிரியர் இங்கே தன் கதையையே மறுக்கிறார். தகவல் பிழையை ஒரு திருத்தத்தில் சரிசெய்யலாம். ஒருமை குலைந்தால் அத்தியாயத்தையே மாற்றி எழுத வேண்டும்.

முடிவும் அவசரம். நுரையீரலில் முதல் ஆக்சிஜனைத் தொட்டதும் கதை நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 120 நாட்களில் சிவப்பணு முதிர்ந்து, பெரும்பாலும் மண்ணீரலில் சிதைகிறது. அதன் இரும்பு மஜ்ஜைக்குத் திரும்புகிறது. பெரியவர் உடலில் நாளொன்றுக்கு இப்படித் திரும்புவது 20 மி.கி.க்கு மேல், உணவிலிருந்து சேர்வது 1 முதல் 2 மி.கி. தான். கீரையிலிருந்து வந்த அணு அபூர்வ விருந்தாளி என்பது இந்த ஒப்பீட்டில்தான் தெரியும்.

குடல் அத்தியாயங்களில் ஒரு வரியையும் தொட வேண்டாம். இரத்த அத்தியாயங்களை மஜ்ஜை வழியாகத் திருப்பி எழுதும்வரை இந்தப் பிரதி அச்சுக்குப் போகக் கூடாது.