ஒரே பாறை, இரண்டு கரை: ட்ரெமி கான்கிரீட்டின் கணக்கு

நெம்மேலியில் 2013-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. அந்தக் கடற்கரையில் துளையிட்டுப் பைல் போடுகிறவர்களுக்கு மேலே தளர்ந்த மணல், கைக்கெட்டும் ஆழத்தில் உப்பு நீர், அடியில் சார்னோகைட் பாறை. கொழும்பிலும் அடியில் இருப்பது அதே குடும்பத்துப் பழம்பாறைதான். மேலே மட்டும் தாழ்நிலங்களில் கரிமச் சேறு. அதனால் செயல்முறை ஆவணம் இரண்டு கரையிலும் ஒன்றுபோல் எழுதப்பட்டாலும், கவனம் போகவேண்டிய இடம் வேறுவேறு.

முதலில் ஸ்லம்ப். இந்தியாவின் ஐ.எஸ். 2911 கேட்பது 150 முதல் 180 மி.மீ. இலங்கை பிரிட்டிஷ், ஐரோப்பிய வழக்கைப் பின்பற்றும் நாடு. அங்கு எடுத்தாளப்படும் ஈ.என். 1536, பென்டோனைட் நிறைந்த துளைக்கு 200 மி.மீ. என்று வைத்து, 30 கூடக்குறைய விடுகிறது. எனக்கு ஐரோப்பிய எண்தான் நியாயமாகப் படுகிறது. ட்ரெமியில் கான்கிரீட்டை வைப்ரேட்டர் அமுக்குவதில்லை. தன் எடையால் தானே கம்பிகளுக்கு இடையே பரவவேண்டும். ஆனால் 200 வேண்டும் என்பதற்காக லாரியில் தண்ணீர் ஊற்றுவது கூடாது. அந்த இளக்கத்தை அட்மிக்ஸ்சர் தரவேண்டும், கடைசி லாரி இறங்கும்வரை அது நிற்கவும் வேண்டும். சித்திரை வெயிலில் ஈ.சி.ஆர். நெரிசலில் நின்ற லாரிக்கு, பிளாண்டில் எடுத்த ஸ்லம்ப் செல்லாது.

இனி ஒரு பைலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விட்டம் 1 மீட்டர், ஆழம் 14 மீட்டர்; ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.785 கனமீட்டர். கேசிங் 6 மீட்டர் வரை. அதன் கீழ் 9 மீட்டர் வரை மணல், பிறகு பாறை. உப்பு நீர் கலந்தால் பென்டோனைட் திரிந்து, மணலைத் தாங்கும் தன்மையை இழக்கும். நல்ல நீரில் கரைத்து, துளைக்குள் அதன் மட்டத்தை நிலத்தடி நீருக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும்.

கம்பிக்கூட்டில் எல்லாப் பக்கமும் உருளும் கவர் பிளாக் வேண்டும். கடலோரத்தில் 75 மி.மீ. கவர். கூடு தரையில் நிற்கக்கூடாது, கேசிங் விளிம்பிலிருந்து தொங்கவேண்டும். கான்கிரீட் அதன் அடியை எட்டும்போது மேலே தூக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். கூடு இறக்கியபின் அடியில் மண்டியிருக்கிறதா என்று நூல் விட்டுப் பார்த்து, இருந்தால் ட்ரெமி வழியாகவே மறுபடி கழுவவேண்டும்.

முதல் ஊற்று பெரிதாக இருக்கவேண்டும். 200 மி.மீ. குழாயின் நுனி தரைக்கு 30 செ.மீ. மேலே, ஒரே வீச்சில் அது 1 மீட்டராவது புதைய வேண்டுமானால் துளையில் 1.3 மீட்டர் உயரம், அதாவது 1.02 கனமீட்டர் தேவை. வெளியே நிற்கும் சேற்று நீரை எதிர்த்துக் குழாய்க்குள் நிற்கும் கான்கிரீட்டையும் சேர்த்தால் சுமார் 1.2. அரை கனமீட்டர் ஹாப்பரோடு வருகிறவர்கள், தகட்டைத் திறந்ததும் லாரியின் சரிவும் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடிக் கான்கிரீட்டைத் தண்ணீர் கழுவிவிடும்.

ஓவர்பிரேக்கில்தான் நம் தளங்களில் அதிகம் ஏமாறுகிறோம். முதல் 6 கனமீட்டர் லாரி முழுதாக இறங்கினால் மட்டம் 7.6 மீட்டர் உயரவேண்டும். நாடா 6.5 என்கிறது. மொத்தக் கணக்கில் 18 சதவீதம் கூடுதல். பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் நடுவில் நாடா விட்டிருந்தால் பாறைக்குள் இருந்த 5 மீட்டர், கணக்குப்படியே 3.9 கனமீட்டரில் நிறைந்தது தெரிந்திருக்கும். மிச்சம் 2.1 கனமீட்டர் வெறும் 1.5 மீட்டர் உயரத்துக்குள் போயிருக்கிறது. அந்த மணலில் துளை 1 மீட்டர் இல்லை, சுமார் 1.33 மீட்டர். ஊற்றுவதற்கு முன்பே மணல் சரிந்துவிட்டது. அடுத்த பைலுக்குக் கேசிங்கைப் பாறை வரை இறக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கொழும்புச் சேற்றில் கதை வேறு. அங்கே துளை ஒழுங்காக இருந்தாலும், தற்காலிகக் கேசிங்கை உருவும்போது கான்கிரீட்டின் அழுத்தம் சேற்றைத் தள்ளும், மட்டம் இறங்கும். கேசிங் தடிமனுக்குரிய சிறு இறக்கம் இயல்பு. அதற்கு மேல் போனால் பக்கம் வீங்குகிறது என்று பொருள். நிரந்தரக் கேசிங்தான் வழி.

கணக்கைவிட மட்டம் அதிகமாக உயர்ந்தால்தான் பயப்படவேண்டும். மணல் விழுந்து நாடாவின் குண்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம், துளை குறுகியிருக்கலாம். ஐ.எஸ். 2911 கான்கிரீட்டை வெளியே வழியவிடச் சொல்வதும், இல்லையேல் கட்-ஆஃப் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் ஊற்றச் சொல்வதும் மேலே மிதந்து வரும் அந்தக் கழிவை வெட்டி எறிவதற்காக.

லாரிக்கு நடுவிலும் அளந்து எழுதிய நாடாத் தாள் சில வாரம் கழித்தும் வேண்டியிருக்கும். பைல் தலையில் சுத்தியலால் தட்டி எடுக்கும் சோதனையில், வீங்கிய இடத்துக்குக் கீழே பைல் இயல்பான விட்டத்துக்குத் திரும்புவதும் குறுகல் போலவே பதிவாகும். நம் பைலில் அது 9 மீட்டர் ஆழத்தில் வரும். தாள் இருந்தால் அது பாறையின் தொடக்கம் என்று படித்துவிடலாம். இல்லையென்றால் கோர் துளைத்துத்தான் பார்க்கவேண்டும்.