பீமாரிஸ்தான்களின் பரிபாலனமும் நம் ஹக்கீம்களின் மரபும்

நம் சபையின் ஆண்டு மலருக்குப் பண்டைய இஸ்லாமிய நகரங்களின் வைத்தியசாலைகளைப் பற்றி ஒரு கட்டுரை தரவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் இரண்டு முறை நேரிலும் ஒரு முறை தபாலிலும் கேட்டுக்கொண்டார்கள்; மூத்தோர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத நான் இணங்கினேன். பக்தாத், டமஸ்கஸ், கெய்ரோ என்னும் மூன்று வழிகளும், அவற்றில் யார் யாரிடம் பாடங்கேட்டார் என்பதும் அங்கத்தவர்களுக்குத் தெரிந்தவையே. ஆகையால் வைத்தியர்களின் வரிசையை விடுத்து, அந்தப் பீமாரிஸ்தான்கள் எந்த ஏற்பாட்டினால் நின்றன, எந்தக் குறையால் தளர்ந்தன என்பதை மட்டும் சொல்ல முற்படுகிறேன்.

கண்டியிலிருந்து அக்குறணைக்குப் போகும் பாதையோரத்தில் நாற்பது ஆண்டுகள் நாடி பார்த்த எங்கள் உஸ்தாத், மர்ஹூம் பெரிய ஹக்கீம் அவர்கள், மூன்று வழிகளில் டமஸ்கஸின் வழியே சிறந்ததென்று வாதிப்பார்கள். அவர்களிடம் உரல் இடித்துப் பழகிய எனக்கும் அந்தப் பட்சபாதம் உண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை. சுல்தான் நூருத்தீன் 1154 இல் டமஸ்கஸைக் கைக்கொண்ட பின் அங்கே நிறுவிய வைத்தியசாலையில், தலைமை வைத்தியர் அபுல் மஜ்த் காலையில் நோயாளர் ஒவ்வொருவரையும் பார்த்து, மருந்தும் ஆகாரமும் விதித்து, அதன்பின் பெரிய மண்டபத்திற்கு வந்தமர்வார். மற்ற வைத்தியர்களும் மாணாக்கரும் சூழ்ந்திருக்க, சுல்தான் தர்மமாக வைத்த நூல்களைத் திறந்து மூன்று மணி நேரம் பாடமும் தர்க்கமும் நடக்கும். கட்டிலருகில் கண்டதை ஏட்டோடும், ஏட்டில் படித்ததைக் கட்டிலோடும் ஒத்துப்பார்க்கும் இந்த ஒழுங்கைத்தான் உஸ்தாத் தம் சிறிய திண்ணையிலும் கடைப்பிடித்தார்கள். காலையில் பார்த்த நாடியை அஸர் தொழுகைக்குப் பின் எங்களிடம் கேள்வியாகக் கேட்பார்கள்.

1184 இல் அந்நகருக்கு வந்த ஸ்பானிய யாத்திரிகர் இப்னு ஜுபைர், அங்கே கண்காணிப்பாளர்களின் கையில் ஒரு பதிவேடு இருந்ததையும், அதில் நோயாளரின் பெயர்களும் அவர்களது மருந்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவும் எழுதப்பட்டிருந்ததையும், நாளொன்றுக்குச் சுமார் 15 தீனார் ஒதுக்கப்பட்டிருந்ததையும் குறித்துச் சென்றிருக்கிறார். பிற்காலத்தில் அந்த வைத்தியசாலையில் பணியாற்றிய அத்தக்வாரிடம் பாடங்கேட்ட இப்னு நஃபீஸ் கெய்ரோவில் குடியேறி, 1288 இல் காலமாகும்போது தம் வீட்டையும் நூல்களையும் அங்கிருந்த மன்சூரி வைத்தியசாலைக்கே எழுதிவைத்தார் என்பதால், கெய்ரோவின் புகழிலும் டமஸ்கஸுக்குப் பங்கு உண்டு என்று உஸ்தாத் சொல்வது மிகையாகாது.

அந்த மன்சூரிதான் தர்மசாசனத்தின் பூரண வடிவம். டமஸ்கஸில் நோயுற்றுக் கிடந்தபோது நூருத்தீனின் வைத்தியசாலை மருந்தால் குணமடைந்த கலாவூன், தாம் அரசரானால் அதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1284 இல் கெய்ரோவின் பழைய அரண்மனை ஒன்றை அதற்காக மாற்றினார். மேற்பார்த்த அமீர் வழியே போவோரையும் பிடித்துக் கல் சுமக்க வைத்ததால், அந்த வளாகத்தில் தொழுவதற்கே மக்கள் தயங்கினார்கள் என்ற களங்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வக்புப் பத்திரத்தின் வாசகம் வேறு வகையானது. கடைகள், குளிப்பறைகள், சத்திரங்கள் முதலியவற்றின் வாடகையை அது வைத்தியசாலைக்கு என்றென்றைக்குமாக உரிமையாக்கிற்று. ஆண்டு வருமானம் ஏறக்குறைய 10 லட்சம் திர்ஹம் என்பார் வரலாற்றாசிரியர் மக்ரீஸி. அவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு பத்திரம் பேசுவதோ, கோடையில் நோயாளரின் கைக்குக் கொடுக்கவேண்டிய ஓலை விசிறியைப் பற்றியும், ஒவ்வொருவர் உணவும் தனிப் பாத்திரத்தில் மூடப்பட்டு வரவேண்டும் என்பதைப் பற்றியுமே. வைத்தியர்கள் சேர்ந்தோ முறைவைத்தோ இரவிலும் தங்கவேண்டும். நம்பிக்கைக்குரிய இருவருள் ஒருவர் மருந்துகளைக் காத்து வழங்க, மற்றவர் காலையும் மாலையும் அவற்றைப் பெற்று உரியவருக்குக் கொடுத்து, அவர் குடித்தாரா என்று பார்த்து, சமையலறையையும் கவனிக்கவேண்டும். வீட்டில் கிடக்கும் ஏழை நோயாளிக்கும் மருந்து போகவேண்டும். இறந்தவரின் கபன் செலவையும் வக்பு ஏற்கவேண்டும். கண்ணோய்க்கும் சுரத்திற்கும் ரணசிகிச்சைக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு பகுதிகள் இருந்தன.

இத்தகைய பத்திரமும் பரிபாலகன் கையில் பிழைபடக்கூடும் என்பதற்குப் பக்தாதில் ஒரு வழக்கு உண்டு. கலீபா முதவக்கிலின் தாயார் விட்டுச்சென்ற ஒரு வக்பின் வருமானத்தில் ஒரு பங்கு ஹாஷிம் குலத்தாருக்கும் மறுபங்கு ஒரு வைத்தியசாலைக்கும் உரியது. செல்வாக்குள்ள குலத்தாரின் பங்கைத் தவறாமல் கொடுத்துவந்த நிர்வாகி, கேட்க நாதியற்ற நோயாளரின் பங்கைத் தாமதித்தும் குறைத்தும் விட்டார். குளிர்காயக் கரியும், போதிய உணவும், கம்பளியும் இல்லாமல் நோயாளர் வருந்துவதைத் தலைமை வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித் வஸீர் அலி இப்னு ஈஸாவுக்கு எழுதினார். வஸீரும் அந்த நிர்வாகியைக் கண்டித்து, வைத்தியசாலையின் தேவையே முந்தியது என்று கட்டளையிட்டார். கணக்கேட்டில் எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதிலேயே ஒரு தர்மத்தின் நோய் வெளிப்படுகிறது.

அதே ஸினானிடம்தான், ஒரு வைத்தியரின் பிழையால் ஒருவர் இறந்தபின், 931 இல், பக்தாதின் வைத்தியர்கள் 860க்கும் மேற்பட்டோர் பரீட்சைக்கு அனுப்பப்பட்டார்கள். எழுதப்படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் தம் குடும்பம் இதனால்தான் பிழைக்கிறது என்று சொல்லி வேண்ட, அறியாத நோயைத் தொடக்கூடாது, இரத்தம் எடுக்கவும் பேதிக்கும் துணியக்கூடாது என்ற நிபந்தனையோடு அவரை விட்டுவிட்டார். மறுநாள் வந்த வாலிபன், யாரிடம் படித்தாய் என்று கேட்டபோது, அந்த முதியவரே தன் தந்தை என்றான். அவனுக்கும் அதே நிபந்தனையே கிடைத்தது.

இந்த இடத்தில் என் பேனா சற்று நீளுவதைப் பெரியோர் பொறுத்தருள்வார்களாக. இன்று யாரையும் குறித்துச் சொல்லவில்லை. மாவனல்லையிலும் கம்பளையிலும் இன்னும் கண்ணியமான ஹக்கீம்கள் இருக்கிறார்கள். ஆயினும், மூன்று விரல் வைத்து நாடியை எண்ணுவதற்குள் சீட்டு எழுதப்படுவதும், தன் கையால் கிண்டாத மஃஜூன் தன் பெயரோடு போத்தலில் வருவதும், சிறுநீரின் நிறம் பார்ப்பதை அவமானமாகக் கருதுவதும், தந்தையின் பெயர்ப்பலகையே மகனின் சான்றிதழாக நிற்பதும், தொடை அளவு தடித்த பழைய ஏடு அலமாரியில் கறையானுக்கு இரையாக அதன் உரிமையாளர் மேடையில் மாலையேற்பதும் கண்டு நெஞ்சு பொறுக்கவில்லை. ஸினானின் முதியவராவது தம் அறியாமையைத் தாமே ஒப்புக்கொண்டார். நம்மவர்களிடம் அந்தப் பணிவையும் காணவில்லை. கேட்டால் பரம்பரை என்பார்கள். பரம்பரை என்பது பாடம் கைமாறுவது, மருந்துப்பெட்டி கைமாறுவதன்று.

நம் மலைநாட்டிலும் வைத்தியத்திற்குக் கொடை இல்லாமலில்லை. கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் அவையில் இருந்த கோபால முதலியின் வம்சத்தார் சன்னஸ் மூலம் காணி பெற்றவர்கள். ஆனால் அந்தக் காணி வைத்தியரின் குடும்பத்தைச் சேர்ந்தது. கலாவூனின் கடைகளோ நோயாளரின் கட்டிலைச் சேர்ந்தவை. முன்னது வைத்தியனை வாழவைத்தது. பின்னது வைத்தியனைப் பரீட்சிக்கவும் இரவில் தங்கவைக்கவும் ஒரு பிடியைக் கொடுத்தது.

நம் சபையின் இலவச மருந்தகத்திற்கும் ஒரு கடைவாடகை உண்டு. வரும் பொதுக்கூட்டத்தில் கணக்குப் புத்தகம் திறக்கப்படும்போது, மாலைச் செலவும் மலர்ச் செலவும் பின்னே நிற்க, மருந்தும் கம்பளியும் முதல் வரியில் எழுதப்படட்டும் என்று அங்கத்தவர்களை வேண்டிக்கொள்கிறேன்.