பல்லவி தெரியும், பாட்டு தெரியாது

பாட்டைத் தேடும் பையன் கதையை எடுத்தவுடன் கடைசிப் பக்கத்துக்கு ஓடுகிறவர்களை என்ன செய்வது? பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பாட்டு வருகிறது, பையன் அதை டேப்பில் பிடிக்கிறான், என்ன பாட்டு என்று ஊரெல்லாம் கேட்டு அலைகிறான். கதை இவ்வளவுதான். "சரி, கடைசியில் என்ன பாட்டாம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். சிலர் இதில் என்ன இருக்கிறது என்று தொடுவதே இல்லை. விமர்சகர்களோ ஜன்னல் எதன் குறியீடு, பாட்டு எதன் படிமம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜன்னல் ஜன்னல்தான் ஐயா, சத்தம் வருவதற்காக இருக்கிறது. இந்த வகைக் கதைக்குள் நுழைய இரண்டே கேள்வி போதும்: எதில் பதிவு செய்தான், பாட்டோடு சேர்ந்து வேறு என்ன பதிவானது? மற்றதெல்லாம் படிக்கப் படிக்க வந்துவிடும்.

கதையை எர்ணாவூரில், கேசட் காலத்தில் வைத்துப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி தடத்தில் மின்சார ரயில் போகிறது, நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி உறுமுகிறது. பையன் டேப்ரெக்கார்டரை ஜன்னல் திண்டில் வைத்துப் பட்டனை அழுத்துகிறான். பேட்டரி சோர்ந்திருக்கிறது, அவனுக்குத் தெரியாது. சோர்ந்த பேட்டரியில் நாடா மெதுவாக ஓடும். மறுநாள் புது பேட்டரி போட்டுக் கேட்டால் அதே நாடா சரியான வேகத்தில் ஓடும், பாட்டோ வேகமெடுத்துவிடும். வேகம் 6 சதவீதம் மாறினாலே சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறும். இன்னும் நிறைய மாறினால் கனத்த ஆண் குரல் இளைத்து, யாரோ சின்னப் பையன் பாடுவதுபோல் ஆகிவிடும். அவன் தப்பான பாடகரைத் தேடிப் போவான். மோசமான கதாசிரியர் இங்கே ஒரு பெரியவரைக் கொண்டுவந்து உண்மையைச் சொல்லவைப்பார். நல்ல கதாசிரியர் விடையை நாடாவுக்குள்ளேயே வைத்திருப்பார்: பாட்டுக்கு நடுவே அம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள், அந்தக் குரலும் கீச்சென்று இருக்கிறது. அம்மாவின் குரல் அவனுக்குத் தெரியும். அதுதான் அளவுகோல். அம்மா எவ்வளவு இளைத்தாளோ, பாடகரும் அவ்வளவு இளைத்திருக்கிறார். பதிவைக் கெடுத்ததாக அவன் திட்டிய குரல்தான் பதிவைத் திருத்தித் தருகிறது. இந்த இடத்தைத் தாண்டி ஓடுகிறவருக்குக் கடைசிப் பக்கத்தில் எந்தப் பெயர் இருந்தால் என்ன?

இது வெறும் கற்பனைச் சாமர்த்தியம் என்பவர்களுக்கு ஜெர்மனியில் நடந்த ஒரு கதை இருக்கிறது. 1984 வாக்கில் ஓர் இளைஞர் என்.டி.ஆர். என்ற அந்நாட்டு வானொலியிலிருந்து ஒரு பாட்டை கேசட்டில் பிடித்தார். பாட்டு சுத்தமாக இருக்கவேண்டும் என்று அறிவிப்பாளர் பேச்சைப் பதிவு செய்யாமல் விட்டார். நம் ஊரில் இலங்கை வானொலியைப் பதிவு செய்தவர்களும் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பட்டனைத் தட்டியவர்கள்தான். பாட்டு தங்கியது, யாருடையது என்ற தகவல் போனது. 2007-இல் அதன் துண்டு இணையத்துக்கு வந்தது. பிறகு உலகமே தேடியது. பாட்டில் கேட்கும் மின்னணு வாத்தியம் யமஹா டி.எக்ஸ்.7 என்றும், அது 1983-இல் வந்தது என்றும் பிடித்தார்கள், ஆகவே பாட்டு அதற்கு முந்தியதல்ல. 2024 நவம்பரில்தான் விடை வந்தது: கீல் நகரத்து ஃபெக்ஸ் என்ற குழு, பாட்டு 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்'. கண்டுபிடித்தவர் இசையைக் கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்து இசைப்போட்டி ஒன்றில் கலந்துகொண்ட குழுக்களைத் தேடியபோது பழைய நாளிதழ்ச் செய்தி ஒன்றில் இந்தக் குழு அகப்பட்டது.

இதில் எல்லாரும் தாண்டிப்போகும் ஒன்று உண்டு. அந்தத் தலைப்புச் சொற்கள் முதலிலிருந்தே பாட்டுக்குள் பாடப்பட்டவை. தேடியவர்கள் அதைக் காதால் கேட்டுக்கொண்டே, முதல் அடியில் வரும் காற்று என்ற சொல்லை வைத்து ஒரு தற்காலிகப் பெயர் சூட்டி அழைத்தார்கள். பெயர் கையில் இருந்தும் பாட்டு கிடைக்கவில்லை. ஆகவே பெயர் வேறு, முகவரி வேறு. நம் பாட்டுகளில் இது இன்னும் துலக்கம், ஏனென்றால் சினிமாப் பாட்டுக்குத் தனித் தலைப்பே கிடையாது, பல்லவியின் முதல் வரிதான் பெயர். எர்ணாவூர்ப் பையன் பல்லவியைக் கேட்ட நிமிடமே பெயரைத் தெரிந்துகொண்டுவிட்டான். அவன் தேடுவது முகவரியை: எந்தப் படம், யார் பாடியது, யார் இசை. அந்த முகவரியிலும் இரண்டு வீடு உண்டு. ஒன்று மெட்டின் வீடு, மற்றது சொல்லின் வீடு. குஜிலிக் கடைகளில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாட்டின் தலையில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சடித்திருப்பார்கள், மெட்டு ஒருவருடையது, சொல் வேறொருவருடையது, அதில் ஒளிவுமறைவே இல்லை. வடசென்னையில் கானா பாடுகிறவர்களும் தெரிந்த சினிமா மெட்டில் புதுச்சொல் கட்டுவதுண்டு. அந்த ஜன்னலில் வந்தது அப்படியொரு கானா என்றால்? பையன் முனகிக் காட்டுகிறான். கேசட் கடைக்காரர் முதல் இரண்டு சுரத்திலேயே படத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். சொன்னது சரி, ஆனால் அவர் சொன்னது மெட்டின் வீடு. சொல்லின் வீடு எங்கே என்பது அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால் கதை அங்கேதான் தொடங்குகிறது. (மெட்டும் பாட்டும் ஒன்றுதானே என்பவர்கள் அடுத்த பத்தியை விட்டுவிடலாம்.)

கைபேசியைக் காட்டினால் ஒரு நொடியில் பாட்டின் பெயர் வந்துவிடும் காலத்தில் இந்தக் கதை செத்துப்போயிற்று என்பார்கள். ஆனால் ஷாஸாம் போன்ற செயலி பாட்டைத் தெரிந்துகொள்வதில்லை. கேட்ட ஒலியின் உச்சப்புள்ளிகளை எடுத்து, தன்னிடம் ஏற்கெனவே உள்ள பதிவுகளில் அதே புள்ளிக்கோலம் இருக்கிறதா என்று ஒப்பிடுகிறது. அதனிடம் இல்லாத பதிவென்றால் ஒன்றும் வராது. சோர்ந்த பேட்டரியில் பிடித்து வேகம் மாறிய நாடா என்றால், பட்டியலில் இருக்கும் பாட்டுக்கே தடுமாறும். முனகினால் கண்டுபிடிக்கும் வசதியும் இப்போது உண்டு, அது கேசட் கடைக்காரர் செய்ததைத்தான் செய்யும், மெட்டின் வீட்டில் கொண்டுபோய் விடும். ஒரு தெருவில், ஓர் இரவில், யாரோ கேசட்டில் பிடித்த கானா எந்தப் பட்டியலில் இருக்கப்போகிறது? இன்னொரு ஆட்சேபம் கனமானது: முகவரி கிடைத்ததும் ருசி போய்விடுகிறதே. உண்மைதான், முகவரி வெறும் விடையாக இருந்தால் போய்விடும். பாட்டைத் தேடிப்போனவனுக்கு ஜன்னல்வீட்டுப் பெண் கிடைக்கிறாள் என்று முடிகிற கதைகளில் நடப்பது அதுவே. ஆசிரியருக்கே நாடாவில் அக்கறையில்லாதபோது நமக்கு எங்கிருந்து வரும்? கேசட்டுக்குள் பென்சிலை விட்டுச் சுற்றும் காட்சியை எழுதிவிட்டால் கதை ஆகிவிட்டது என்று நினைக்கும் இன்றைய நாகரிகத்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இந்தக் கதையை நான் எப்படி முடிக்கச் சொல்வேன் என்று. வடசென்னையில் இறப்பு வீட்டில் இரவு முழுக்கக் கானா பாடுவார்கள், இறந்தவரின் பெயரும் புகழும் பாட்டுக்குள் வரும். பையனின் நாடாவில், ரயில் ஊதும் இடத்தில், பாதி மட்டும் கேட்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைப் படத்தின் கதாநாயகன் பெயர் என்று நினைத்துக் கடைகடையாக எந்தப் படம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டில் தினமும் அந்தக் கேசட்டைப் போடுகிறவர்களிடம் மட்டும் அவன் இன்னும் கேட்கவில்லை.