பொழுது மயங்கும் தோழமை

இருபதாண்டுகளாகத் தொலைபேசியில் மட்டும் வாழும் ஒரு தோழமையைத் தமிழில் எழுத முயலும்போது முதலில் கைக்கு வருவது பிரிவுத்துயரின் மொழிதான். காத்திருப்பு, உறங்காத இரவு, தூரத்துக் குரல் என்று காதலியின் சொற்களைத் தோழிக்கு மாட்டிவிடுகிறோம். நானும் தோழியும் முதுகலையில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர்கள். 2003இல் அவள் டொராண்டோவுக்குப் போனாள். அதற்குப் பின் நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கிடைக்கும் மரபு என்ன என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பார்க்காமலே நிலைக்கும் நட்புக்குத் தமிழில் முன்னோடி இல்லாமல் இல்லை. பிசிராந்தையார் பாண்டிநாட்டுக்காரர், கோப்பெருஞ்சோழன் உறையூரில் இருந்தவன். ஒருவரை ஒருவர் காணாமலே நண்பர்களானார்கள். சோழன் வடக்கிருந்தபோது புலவர் வருவாரா என்று மற்றவர்கள் ஐயப்பட்டார்கள். அவர் வந்து சேர்ந்தார். பழகாமலே உணர்ச்சியால் நட்பு அமையும் என்று சொல்லும் குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் சான்றும் இவர்கள்தான். வகுப்பில் இந்தப் பாடல்களை நடத்தும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த நட்பு நேரம் கேட்பதில்லை. சோழன் எப்போது ஓய்வாக இருப்பான், புலவர் வீட்டில் அடுப்பை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சே அங்கில்லை. இருவருக்கும் பேச வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அந்த நட்பின் பெருமை. எங்களுடையது பேசாவிட்டால் செத்துப்போகும் நட்பு.

அகமரபில் தோழி இருக்கிறாள், நிறையவே பேசுகிறாள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்று வரையறுக்கிறது. அவள் பேச்செல்லாம் தலைவன் வந்தானா, வரைவானா என்பதைச் சுற்றியே. தலைவிக்கும் தோழிக்கும் இடையே விழும் தொலைவுக்கென்று ஒரு துறை அமையவில்லை. பிரிவுக்கு இலக்கணம் சொல்லும் காரணங்களோ ஓதல், பகை, தூது, பொருள் என்று ஆணின் காரணங்கள். கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று ஒரு சூத்திரமே உண்டு. பிழைப்புக்காகப் பெண்ணொருத்தி கடல் தாண்டினாள், இன்னொருத்தி ஊரில் நின்றாள் என்பதற்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை.

ஆனாலும் அதே இலக்கணத்திலிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். அகப்பாடலுக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலங்கள் தம்முள் மயங்கா என்கிறார் தொல்காப்பியர். ஆகவே காலம் மயங்கும் என்று உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். தொலைபேசி அழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. அவள் நிலம் அவளுக்கு, என் நிலம் எனக்கு. மயங்குவது பொழுது மட்டும்.

அந்தப் பொழுது எப்படி அமைகிறது என்று பாருங்கள். என் வீட்டில் பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவைக் கரைத்து வைத்து நான் உட்காரும்போது இரவு ஒன்பதரை. அவளுக்குப் பகல் 12 மணிக்கு அரைமணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. கோடையில் இவை இரண்டும் ஒன்றாக விழும், இடையே ஒன்பதரை மணி நேர வித்தியாசம் என்பதால். நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவைக்கிறார்கள். வித்தியாசம் பத்தரை ஆகிவிடும். அவளுடைய நண்பகல் எனக்கு இரவு பத்தரை. காலை ஐந்துக்கு எழ வேண்டியவள் நான். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை எங்கள் பேச்சு சுருங்கும். நான் பாதி தூக்கத்தில் ‘உம்’ கொட்டுவேன். பனியே விழாத என் ஊரில் அவளுடைய கூதிர்காலம் என் தூக்கத்தின் வழியாக வந்து போகிறது. இந்தப் பெரும்பொழுதை எழுதாமல் ‘நீ அங்கே, நான் இங்கே’ என்று எழுதினால் அது எந்த நட்புக்கும் பொருந்தும் வரியாகிவிடும்.

மாணவிகள் எழுதிக் காட்டும் கட்டுரைகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குறை உண்டு. அழைப்பை எழுதும்போது குறுக்கீடுகளை வெட்டிவிடுகிறார்கள். ‘இரு, குக்கர் இறக்கிட்டு வர்றேன்’, ‘மெதுவா பேசு, மாமியார் எந்திரிச்சுட்டாங்க’, ‘கேக்குதா, கேக்குதா?’ எல்லாம் போய்விடும். எஞ்சுவது நீண்ட, ஒழுங்கான, கடிதம் போன்ற பேச்சு. கு. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகியிருக்கின்றன. நமக்கு நட்பின் எழுத்து என்றால் அந்த வடிவம்தான் பழக்கம். கடிதம் எழுதுகிறவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். எங்கள் பேச்சு சாத்தாத கதவுக்குள் நடந்தது. ஆரம்பத்தில் அவள் கடையில் வாங்கும் அழைப்பு அட்டையில், இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று ஒரு இயந்திரக் குரல் நடுவில் புகுந்து சொல்லும். அதற்காகவே முக்கியமானதை முதலில் சொல்லப் பழகினோம். இப்போது வாட்ஸப்பில் நிமிடக் கணக்கில்லை. முக்கியமானதைக் கடைசி வரை தள்ளிப்போடுகிறோம். குறுக்கீட்டை வெட்டினால் இந்த மாற்றம் எப்படித் தெரியும்?

இன்னொரு குறை, தோழியை வெறும் காதாக ஆக்கிவிடுவது. அவள் கேட்டாள், நான் அழுதேன் என்று முடியும் கவிதைகள் எத்தனை! அந்த நேரத்தில் அவள் சோற்றை ஆறவிட்டாள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரு சாவை எடுத்துக்கொள்கிறேன். அவளுடைய அம்மா எங்கள் ஊரில் ஒரு ஜனவரியில், செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு இறந்தார். டொராண்டோவில் அப்போது திங்கள் மாலை ஐந்தரை. அன்று அவளுக்கு இரவு ஒன்பது வரை வேலை, கைபேசி லாக்கரில். எங்களுக்குக் காலை ஏழரை ஆகும்வரை அவளுக்குச் செய்தி போகவில்லை. அந்த மூன்றரை மணி நேரம் அம்மா உடலருகே நான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் பந்தல் போட்டாயிற்று, சொந்தக்காரர்கள் வந்தாயிற்று. அவளுடைய பொழுதில் அம்மா இன்னும் உயிரோடு இருந்தார். ஏழரைக்கு அவளே அழைத்தாள். ‘சாப்பிட்டியா?’ என்றாள். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு எங்களிடம் வேறு பொருள் வந்துவிட்டிருந்தது: அங்கே இப்போது எந்த வேளை என்பதுதான் அது. ‘இல்லை’ என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இதைப் பற்றி மரபான ஒரு கவிதை எழுதினால், தாய் முகம் காண முடியாத மகள் என்ற ஒப்பாரியாகும். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த மூன்றரை மணி நேரம் அதில் வராது. அண்ணன்கள் இங்கே செவ்வாய்க்கிழமையின் திதியைப் பார்த்துப் படைக்கிறார்கள். அவள் தேதியை வைத்து நினைப்பவள், அந்தத் திங்களின் தேதியில்தான் விளக்கேற்றுகிறாள். கேட்டால், ‘எனக்கு அம்மா திங்கட்கிழமைதான் போச்சு’ என்கிறாள். பெண்கள் நட்பைப் பற்றிய எழுத்து இந்த வகையான உண்மைகளைப் பிடிக்க வேண்டுமானால், கதாபாத்திரத்தின் முகவாட்டத்தை விடக் கடிகாரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு சிக்கல். கடிதத்தை எழுதியவர், அது ஒருநாள் யார் கையிலாவது கிடைக்கலாம் என்று தெரிந்தே எழுதுகிறார். தொலைபேசியில் சொன்னவள் அப்படிச் சொல்லவில்லை. கைபேசியில் எஞ்சியிருப்பது அழைத்த நேரமும் பேசிய நிமிடங்களும் மட்டும். மற்றதெல்லாம் என் நினைவு, அதாவது என் பக்கத்து நினைவு. அதனால் இந்தக் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கே வேலை செய்கிறாள் என்பதை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். வாசித்து முடிக்க இரண்டு அழைப்புகள் ஆயின. முதல்நாள் பிசிராந்தையார் வந்து சேர்வதற்குள் அவளுடைய இடைவேளை முடிந்துவிட்டது.