ஸ்லைடின் ஓரத்தில் மூன்று கேள்விகள்

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஆறாம் படிவத் தோழி ஒருத்தி படைப்பு தயாரித்திருந்தாள். நான்காம் ஸ்லைடு: ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஐந்தாம் ஸ்லைடு: தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். நடுவில் ஓர் அம்புக்குறி.

அதைப் படித்த அவளுடைய சிநேகிதி பிழை என்று சொல்லவில்லை, ஓரத்தில் எழுதினாள்: "மரம் மாறினா பிள்ளைங்க ஏன்டி குறையணும்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்த அம்புக்குறிக்குள் ஒரு படி ஒளிந்திருந்தது. பால் மரத்தைப் பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவார்கள். ஒருவர் காலையில் ஏறத்தாழ 500 மரங்கள்தான் வெட்டுவார். செம்பனைக் குலையோ 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை அறுவடை. அதே நிலத்துக்குக் குறைந்த ஆள் போதும். ஆள் குறைந்தால் லயத்தில் குடும்பமும் குறையும். இதைச் சொல்லும் ஸ்லைடே இல்லை.

அடுத்தது: "செம்பனையே இல்லாத டவுன் பள்ளியிலயும் குறைஞ்சிருந்தா என்ன சொல்வ?" கடினமான கேள்வி. அங்கும் குறைந்திருந்தால் சிறிய குடும்பங்களும் காரணமாகலாம். "செம்பனைதான் காரணம்" என்பது "செம்பனையும் ஒரு காரணம்" என்று சுருங்க வேண்டும்.

மூன்றாவது: "பாதியா குறைஞ்சதுன்னா, எந்த வருஷத்துலேர்ந்து?" பிள்ளைகள் மிக அதிகமாக இருந்த ஆண்டிலிருந்து எண்ணினால் எந்தச் சரிவும் பெரிதாகத் தெரியும்.

இவற்றில் எழுத்துப்பிழை, வண்ணம் பற்றி எதுவும் இல்லை. பதில் தேட, தோழிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.