சட்டம் மறைத்த பழுப்பு

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் சட்டத்தோடு தொங்கும் குடும்பப் படங்களைப் பார்த்துவிட்டு, அதே நிறத்தில் ஒரு நகல் வேண்டும் என்று கேட்பவர்கள் மிகுதி. நகல் எடுப்பவரும் தயங்குவதில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மேலே ஒரே சீராக மஞ்சள் கலந்த பழுப்பைப் பூசி, செபியா என்று கொடுத்துவிடுகிறார். வாங்குகிறவருக்கும் திருப்தி. ஆனால் அந்த மஞ்சள் பழுப்பு படத்தின் பிறவி நிறம் அல்ல; பல பத்தாண்டு ஈரம் தின்றபின் எஞ்சிய நிறம். நோயாளியின் சோகையைத்தான் அழகு என்று பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய படத்தின் வெதுவெதுப்பை மீட்க விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது படத்தின் முகத்தை அல்ல, சட்டத்தின் விளிம்புக்கு அடியில் வெளிச்சம் படாமல் கிடந்த அந்த மெல்லிய பட்டையை. என் வாதம் முழுவதும் அந்தப் பட்டையில்தான் நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் எடுத்த ஸ்டூடியோ படங்கள் பெரும்பாலும் முட்டை வெண்கருப் பூச்சுத் தாளில் அச்சானவை. வெயிலிலேயே உருவம் கருத்து வரும். பிறகு தங்கக் குளோரைடு கரைசல், அதன்பின் ஹைப்போ. தங்கம் ஏறிய வெள்ளி கத்தரிப்பூச் சாயல் கலந்த ஆழ்ந்த பழுப்பாக நிற்கும். 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் என்று சுற்றிய ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப்பின் அச்சுகளில், நூலகத்தில் மூடிய தொகுதிகளுக்குள் இருந்ததால் கெடாமல் தப்பியவற்றைப் பாருங்கள். கோபுர நிழல்களில் அந்த ஊதாப் பழுப்பு இன்னும் இருக்கிறது. சுற்றுலாக் கடை செபியாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெயிலில் அச்சாகும் படத்தின் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை. காற்றின் ஈரம் அவற்றை அரித்துச் சிறிதாக்கச் சிறிதாக்க நிறம் மஞ்சளை நோக்கி நகர்கிறது. இந்த வகை அச்சுகள் மங்குவதில் ஈரப்பதமே முதற்குற்றவாளி என்பது ஒளிப்படப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் ரெய்லியின் ஆய்வு முடிவு. காயலைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொச்சியில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெள்ளி குறைவாக உள்ள வெளிச்சப் பகுதிகள், அதாவது கன்னமும் வேட்டியும் சரிகையும், முதலில் போகும். கூடவே முட்டைப் புரதமும் மஞ்சளாகிறது. ஆகவே ஒரே படத்தில் இரண்டு மஞ்சள்கள் இருக்கின்றன: உருவத்தின் மஞ்சள் ஒன்று, தாளின் மஞ்சள் மற்றொன்று. இரண்டையும் ஒரே பூச்சால் பிரதி எடுப்பதுதான் இன்றைய வழக்கம்.

செபியா என்ற பெயருக்கு உரிமையுள்ள படங்கள் வேறு வகை. பிந்தைய ஜெலட்டின் தாள்களில் வெள்ளியை வெளுக்கவைத்து, சல்பைடு கரைசலில் பழுப்பாக மாற்றியவை அவை. வெள்ளி சல்பைடு சுலபத்தில் மங்காது. அதனால் உண்மையான செபியா படத்தில் முகத்தின் நுட்பங்கள் அப்படியே இருக்கும். கிழமாவது தாள் மட்டுமே. மங்கி மஞ்சளான ஒரு ஜெலட்டின் படத்தைச் சாய்த்துப் பிடித்தால் கரும்பகுதிகளில் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு தெரிகிறதா? அப்படியென்றால் வெள்ளி மேலே கசிந்திருக்கிறது, சல்பைடாக மாறவே இல்லை. அந்தப் படம் பிறந்தபோது கறுப்பாகத்தான் இருந்திருக்கும். அதற்குச் செபியா பூசுவது மீட்பே ஆகாது.

இனி அந்தப் பட்டை. வெண்கரு அச்சில் ஒரு வியாபாரி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், பின்னால் திரைச்சீலை தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையின் கருமடிப்பு ஒன்று நேராக இறங்கிச் சட்டத்துக்குள் போய் முடிகிறது. சட்டத்தைக் கழற்றினால் ஒரே மடிப்பு, ஒரே அச்சு, ஒரே நாளின் தங்கக் கரைசல். ஒரு பாதி வெளிச்சம் பட்டது, மறுபாதி படாதது. இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது. படத்தைத் தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் அணைத்து, நிறப்பட்டியோடு சேர்த்து, 16 பிட் வண்ணத்தில் ஸ்கேன் செய்துகொண்டு, இரு பாதிகளையும் லேப் அளவில் படிக்க வேண்டும். ஒளிந்த பாதியில் ஒளிர்வு 27, சிவப்புச் சாய்வு 9, மஞ்சள் சாய்வு 7 என்றும், வெளியே இருந்த பாதியில் 44, 9, 21 என்றும் வருமானால் கதை புரிந்துவிடும். சிவப்பு அப்படியே இருக்கிறது. கருமை குறைந்து மஞ்சள் மும்மடங்காகியிருக்கிறது. செபியா பொத்தான் இன்னும் மஞ்சளைக் கொட்டும். நாம் செய்ய வேண்டியதோ இருளில் மஞ்சளை எடுப்பது. இடைநிறங்களில் கொஞ்சம் விடுவது, வெளிச்சத்தில் தாளின் இளமஞ்சளை மட்டும் தங்கவைப்பது. இருள், இடை, வெளிச்சம் மூன்றுக்கும் தனித்தனி நிறம் வைத்தால்தான் பழைய அச்சின் ஆழம் வரும்.

நிறத்துக்கு முன் உருவத்தை மீட்க வேண்டும். இங்கே பலர் தவறுகிறார்கள். கறை குறைவாகத் தெரிகிறது என்று சிவப்பு அலைவரிசையிலிருந்து கறுப்பு வெள்ளை எடுப்பார்கள். மஞ்சளாகிவிட்ட உருவம் சிவப்பில் கிட்டத்தட்டக் காணாமல் போகும், ஏனென்றால் மஞ்சள் விழுங்குவது நீல ஒளியை. கன்னத்தின் எஞ்சிய வளைவும் சரிகையின் கோடும் நீல அலைவரிசையில்தான் இருக்கின்றன. படச்சுருள் காலத்தில் மங்கிய படங்களை நீல வடிகட்டி போட்டு நகலெடுத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். கறையும் நீலத்தில் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. அதைக் கையால் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் இன்று அருகிவிட்டது.

பட்டையை நம்பலாமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. வெளிச்சம் படாவிட்டாலும் ஈரம் உள்ளே போகும், மவுண்ட் அட்டையின் அமிலம் விளிம்பைச் சுடும். சுட்ட கோடு தாளிலேயே கரும்பழுப்பாகத் தெரியும். அதை விட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அளக்க வேண்டும். அப்போதும் கிடைப்பது முழு உண்மை அல்ல. படம் குறைந்தபட்சம் இவ்வளவு குளிர்ச்சியாக, இவ்வளவு கருமையாக இருந்தது என்ற எல்லைக்கோடு மட்டுமே. அந்த எல்லையைத் தாண்டிக் கற்பனையாக ஊதா சேர்ப்பதும் தவறுதான். சில தாள்களில் உற்பத்தியின்போதே இளஞ்சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். வெளிச்சத்தில் அது பறந்துபோயிருக்கும். பட்டையில் அதன் சாயல் தெரிந்தால் நகலின் தாள் நிறத்தில் அதற்கும் இடம் வேண்டும்.

முதுமையே அழகு, அதை ஏன் துடைக்கிறீர்கள் என்பது மற்றொரு ரசனை. அதோடு எனக்குச் சண்டை இல்லை. மூலப்படம் எந்த இரசாயனமும் தொடாமல் தன் முதுமையோடு இருக்கட்டும். நகலும் அந்த முதுமையைக் காட்ட வேண்டுமானால் ஸ்கேனை அப்படியே அச்சிட்டால் போதும். ஆனால் ‘அன்று இருந்தபடி’ என்று சொல்லிக்கொண்டு இன்றைய மஞ்சளை அடர்த்தியாக்கித் தருவது இரண்டிலும் சேராது. வெண்கருத் தாளுக்கு இலேசான பளபளப்பு உண்டு. சொரசொரப்பான பருத்தித் தாளில் அச்சிட்டால் இருளின் ஆழம் போய்விடும். அரைப் பளபளப்புத் தாளே பொருந்தும். அச்சைப் பட்டையோடு வைத்து ஒப்பிடுவது ஜன்னல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், மஞ்சள் விளக்கின் கீழ் அல்ல. நீல அலைவரிசையிலும் ஒன்றுமில்லாமல் வெளுத்துப்போன கன்னமோ சட்டைக் கையோ இருந்தால் அந்த இடம் வெறுமையாகவே இருக்க வேண்டும். வெள்ளி போன இடத்தில் நிறம் ஏற்றலாம், உருவத்தை ஏற்ற முடியாது.