கடை திறக்கும் முன் ஒத்திகை: ஸாம்ப், லோக்கல் இரண்டையும் போட்டுப் பார்த்தால்

ஆம்பூரில் பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் ஒரு சிறு பட்டறையை வைத்துக்கொள்வோம். நாற்பது வகைச் சரக்கு, மொபைலில் எடுத்த படங்கள், வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்கள். வெளியூர் வியாபாரி ஒருவர் "உங்க வெப்சைட் லிங்க் அனுப்புங்க" என்று கேட்டதும் பட்டறைக்காரர் விசாரிக்கத் தொடங்குகிறார். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஹோஸ்டிங் மலிவு என்கிறார்கள். எத்தனை ஜிபி வேண்டும், எந்த பிளான் போதும் என்று கேட்டால் மட்டும் யாரிடமும் நேரான பதில் இல்லை.

பதில் அவருடைய கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஒரு பைசா கட்டாமல் முழுத் தளத்தையும் சொந்த கம்ப்யூட்டரில் நிறுவி, சரக்கையெல்லாம் ஏற்றி, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இதற்கு அதிகம் பயன்படும் இரண்டு இலவச மென்பொருள்களை, 8 ஜிபி ராம் உள்ள சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில், வேர்ட்பிரஸும் அதன் கடைச் செருகுநிரலான வூகாமர்ஸும் போட்டுச் சோதித்ததன் விவரம் இது.

முதலாவது ஸாம்ப். 2002-இல் தொடங்கிய அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் திட்டத்தின் படைப்பு. ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில் இருக்கும் மூன்று முக்கியப் பொருள்களை ஒரே பொட்டலமாகத் தருகிறது: பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி, வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி மொழி, சரக்கு விவரம் தங்கும் மரியாடிபி தரவுத்தளம். `C:\xampp` என்ற இடத்திலேயே நிறுவ வேண்டும். Program Files-க்குள் போட்டால் விண்டோஸின் அனுமதிக் கட்டுப்பாடுகள் குறுக்கே வரும்.

நிறுவியபின் கட்டுப்பாட்டுப் பலகையில் Apache, MySQL இரண்டுக்கும் Start அழுத்த வேண்டும். பெயர்கள் பச்சையானால் சர்வர் ஓடுகிறது என்று பொருள். வேர்ட்பிரஸ் ஜிப் கோப்பைப் பிரித்து `C:\xampp\htdocs\bag` என்று வைத்து, `localhost/phpmyadmin` பக்கத்தில் காலியான ஒரு தரவுத்தளம் உருவாக்கி, பிரவுசரில் `localhost/bag` என்று அடித்தால் நிறுவல் திரை வருகிறது. பயனர் பெயர் root, கடவுச்சொல் காலி. உள்ளூர் ஒத்திகைக்கு இது போதும். வெளியே தெரியும் சர்வரில் ஒருபோதும் இப்படி விடக்கூடாது.

MySQL பச்சையாகாமல் போர்ட் 3306 பற்றிச் சிவப்பு எழுத்தில் புகார் வந்தால், அதே கம்ப்யூட்டரில் இன்னொரு மென்பொருள் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது. கடைகளில் இது பெரும்பாலும் பில்லிங் மென்பொருள் தன்னுடன் கொண்டுவந்த தரவுத்தளம். அதை நிறுத்திவிட்டு ஸாம்ப்பை ஓட்டினால் அன்றைய பில் போடுவது நின்றுபோகும். ஆகவே பில்லிங் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வேறொன்றில் நிறுவுவதே சரி.

மின்தடை இன்னொரு எதிரி. யுபிஎஸ் இல்லாத மேஜைக் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்தபின் "MySQL shutdown unexpectedly" என்ற வரியைப் பார்த்தவர்கள் ஏராளம். எழுதிக்கொண்டிருந்த தரவுக் கோப்பு பாதியில் அறுந்ததால் வருவது இது. பதற்றத்தில் `C:\xampp\mysql\data` கோப்புறையை அழித்துவிட்டால் ஏற்றிய சரக்கு விவரம் மொத்தமும் போய்விடும். முதலில் அந்தக் கோப்புறையை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் Stop அழுத்திவிட்டு அணைப்பதும், வாரம் ஒருமுறை phpMyAdmin-இல் Export எடுத்துவைப்பதும் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும்.

இனிப் படங்களுக்கு வருவோம். ஒத்திகைத் தளம் உண்மையில் உதவுவது இங்கேதான்.

தோல் பொருள் வாங்குகிறவர் கிரெயினைப் பார்க்க வேண்டும், தையல் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அதனால் ஒரு பர்ஸுக்கு ஐந்து படமாவது தேவை: நாற்பது சரக்குக்கு 200 படம். மொபைல் படம் ஒன்று 4 எம்பி என்றால் மூலப்படங்களே 800 எம்பி. கணக்கு இத்தோடு முடியவில்லை. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்தையும் வாங்கி 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்ஸல் என்று குட்டிப் பிரதிகள் போடுகிறது. 2560 பிக்ஸலைத் தாண்டிய படத்துக்கு, 2019-இல் வந்த 5.3 பதிப்பு முதல், `-scaled` என்ற பெயரில் தனியாக ஒரு பிரதியும் உண்டு. அதற்கு மேல் வூகாமர்ஸ் தன் பங்குக்கு மூன்று அளவுகள் எடுக்கிறது. மூலத்தையும் சேர்த்தால் ஒரு படம் சுமார் 11 கோப்பாகிறது. 200 படம் 2200 கோப்பு. மொத்தம் 1 ஜிபியைத் தாண்டிவிடும்.

கோப்பு எண்ணிக்கையை ஏன் எண்ண வேண்டும்? மலிவான பகிர்வு ஹோஸ்டிங் பிளான்களில் ஜிபிக்கு மட்டும் வரம்பு இருப்பதில்லை. இனோட் என்ற பெயரில் கோப்பு எண்ணிக்கைக்கும் பல இடங்களில் வரம்பு உண்டு; அது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராது. வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும் படமே இல்லாமல் பல்லாயிரம் கோப்புகள் கொண்டவை. ஒத்திகைத் தளத்தின் `bag` கோப்புறையில் வலது கிளிக் செய்து Properties பார்த்தால் அளவும் எண்ணிக்கையும் ஒரே பெட்டியில் தெரியும். பிளான் வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை இந்த இரண்டு எண்கள்.

ஆனால் ஸாம்ப்பில் ஒரு பொறி இருக்கிறது. அதன் பிஎச்பி 8 பதிப்புகளில் படத்தைச் சிறிதாக்கும் ஜிடி என்ற நீட்சி தொடக்கத்தில் அணைந்த நிலையில் வருகிறது. படம் ஏறும், தளமும் ஓடும். குட்டிப் பிரதிகள் மட்டும் உருவாகாது. எல்லாப் பக்கமும் 4 எம்பி படத்தையே இழுக்கும், Properties காட்டும் கணக்கும் தப்பாகிவிடும். `wp-content\uploads` கோப்புறையில் ஒரு படத்துக்கு ஒரே கோப்புதான் இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். `C:\xampp\php\php.ini` கோப்பைத் திறந்து, இந்த வரியின் முன்னால் உள்ள அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை நிறுத்தித் தொடங்க வேண்டும்:

```
;extension=gd
```

இதைச் சரிசெய்தபின், படங்களின் நீளமான பக்கத்தை 1600 பிக்ஸலாகக் குறைத்து மறுபடி ஏற்றிப் பார்ப்பது பலன் தரும். 2048 பிரதியும் `-scaled` பிரதியும் உருவாகாது. இடமும் பல மடங்கு குறைகிறது. பர்ஸை ஜூம் செய்து பார்த்தால் கிரெயின் தெளிவாகவே தெரிகிறது. 800 பிக்ஸலுக்கு இறக்கினால் தோல் ரெக்ஸின் போலத் தோன்றத் தொடங்குகிறது. இந்த எல்லை எங்கே என்பதைப் பணம் கட்டியபின் தேடுவதைவிட வீட்டில் உட்கார்ந்து தேடுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது மென்பொருளின் பெயரே 'லோக்கல்'. ஃப்ளைவீல் நிறுவனம் உருவாக்கியது. 2019-இல் அந்த நிறுவனம் டபிள்யூபி எஞ்சின் வசமானது. `localwp.com` தளத்தில் கிடைக்கிறது. வேர்ட்பிரஸுக்காகவே செய்யப்பட்டதால் தரவுத்தளம் உருவாக்கும் வேலை, கோப்பு பிரித்து வைக்கும் வேலை எதுவும் இல்லை. தளத்துக்குப் பெயர், பயனர், கடவுச்சொல் கொடுத்தால் சில நிமிடத்தில் `bag.local` தயார். Custom என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிஎச்பி பதிப்பையும் நாமே தீர்மானிக்கலாம். ஹோஸ்டிங் கம்பெனி தரும் பதிப்பையே இங்கும் போட்டுச் சோதிக்க முடிகிறது என்பது பெரிய வசதி. ஸாம்ப் ஒரு நிறுவலில் ஒரு பதிப்புதான் தரும்.

மெயிலிலும் லோக்கல் முந்துகிறது. ஸாம்ப்பில் ஆர்டர் கொடுத்துப் பார்த்தால் உறுதி மெயில் எங்கும் போவதில்லை. லோக்கலில் தளம் அனுப்பும் மெயில்களை உள்ளேயே பிடித்துக் காட்டும் பெட்டி இருக்கிறது. ஆர்டர் மெயிலில் ரூபாய்க் குறி சரியாக விழுகிறதா, பட்டறையின் பெயர் சரியா என்று அங்கேயே படித்துப் பார்க்கலாம்.

ஒத்திகை முடிந்து உண்மையான ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போதுதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தளத்தின் முகவரி தரவுத்தளத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதப்பட்டிருக்கும். ஏற்றுமதி செய்த கோப்பை நோட்பேடில் திறந்து, பழைய முகவரியைப் புதியதாக 'எல்லாவற்றையும் மாற்று' கொடுப்பது இயல்பாகத் தோன்றும் வழி. அது தவறான வழி. வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்தே சேமிக்கிறது:

```
s:20:"http://localhost/bag";
s:20:"https://example.com";
```

முதல் வரி சரி; முகவரியில் 20 எழுத்து. இரண்டாவதில் முகவரி 19 எழுத்தாகிவிட்டது, எண்ணோ 20 என்றே நிற்கிறது. பிஎச்பி அந்த அமைப்பைப் படிக்க மறுத்துவிடும். தளம் திறக்கும், ஆனால் பக்கவாட்டுப் பெட்டிகள் காணாமல் போகும், தீமில் செய்த அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். பிழைச் செய்தி வராததால் காரணம் புரிவதும் இல்லை. எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்தும் கருவி வேண்டும். லோக்கலில் தளத்தின் பெயர்மேல் வலது கிளிக் செய்து Site Shell திறந்தால் அது தயாராக இருக்கிறது:

```
wp search-replace "http://bag.local" "https://example.com" --dry-run
```

`--dry-run` இருக்கும்வரை எதுவும் மாறாது; எத்தனை இடம் மாறும் என்று மட்டும் காட்டும். கணக்கு சரியென்றால் அதை நீக்கி மறுபடி ஓட்டலாம்.

கையால் எழுதிய பட இணைப்புகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸுக்கு `Logo.JPG`, `logo.jpg` இரண்டும் ஒன்று. பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்கள் ஓடும் லினக்ஸுக்கு அவை வேறு வேறு. வீட்டில் தெரிந்த லோகோ சர்வரில் தெரியாமல் போனால் முதலில் எழுத்தின் பெரிது சிறிதைப் பாருங்கள்.

ஒத்திகையால் சொல்ல முடியாதவையும் உண்டு. வேகம் அதில் முதலாவது: உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் ஒருவரே வாடிக்கையாளர், நடுவில் இணையமே இல்லை. பணம் வாங்கும் கேட்வேயும் அப்படித்தான். பணம் வந்தது என்று தளத்துக்குத் தகவல் அனுப்ப அதற்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும், `localhost` அதற்கு எட்டாது. லோக்கலில் Live Link என்ற வசதி தற்காலிகப் பொது முகவரி ஒன்றைத் தருகிறது. வெளியூர் வியாபாரிக்கு மாதிரி காட்டவும் அது உதவும். லேப்டாப் அணைந்தால் அதுவும் அணைந்துவிடும்.

வேர்ட்பிரஸ் கடை வைக்க நினைப்பவருக்கு லோக்கலே பொருத்தம். வேர்ட்பிரஸ் அல்லாத பிஎச்பி தளம் என்றாலோ, அடியில் என்ன நடக்கிறது என்று கற்க ஆசை என்றாலோ ஸாம்ப். எதைப் போட்டாலும் ஒரு வாரம் முழுச் சரக்கையும் ஏற்றி ஓட்டிவிட்டு, பிளான் விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: இத்தனை ஜிபி தாங்குமா, இத்தனை கோப்பு தாங்குமா, நான் சோதித்த பிஎச்பி பதிப்பு உங்களிடம் உண்டா? முதல் வருடக் கட்டணத்தோடு, புதுப்பிக்கும்போது எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.